'பிறகு' என்ற ஒரு சொல்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண், மணமுறிவுத் தீர்ப்பின் நகலோடு மகனின் பள்ளிக்குப் போயிருந்தார். பையனின் இனிஷியலை மாற்றவேண்டும், பாதுகாவலர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதவேண்டும் என்று கேட்டிருக்கிறார். 'அப்பா கையெழுத்து வேண்டுமே அம்மா' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பதிலின் வேர் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் இருக்கிறது. குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் 'பிறகு' தாய் என்கிறது அதன் ஆறாம் பிரிவு. பிறகு என்றால் அவர் இறந்த பிறகு என்றே நெடுங்காலம் பொருள் கொள்ளப்பட்டது. எழுத்தாளர் கீதா ஹரிஹரனின் வழக்கும், அதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்ட வந்தனா சிவாவின் வழக்கும் இந்தச் சொல்லைத்தான் கேள்விக்கு உட்படுத்தின. இரண்டாவது வழக்கு நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. மணமுறிவு வழக்கு நடந்துகொண்டிருக்கையில், தானே ஒரே இயற்கைக் காப்பாளர், தன் அனுமதியின்றி எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்று மகன் படித்த பள்ளிக்கே தந்தை திரும்பத் திரும்ப எழுதினார் என்பது அங்கே முறையீடு.

1999 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 'பிறகு' என்பதற்கு 'இல்லாதபோது' என்று பொருள் சொன்னது. தந்தை உயிரோடு இருந்தும் அக்கறையற்று விலகியிருந்தாலோ, இருவரும் உடன்பட்டுப் பொறுப்பு தாயிடம் இருந்தாலோ, தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம்.

ஆனால் நாமும் மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது. தந்தை பெயர் என்பது பிறப்பைப் பற்றிய செய்தி. மணமுறிவு அதை அழிப்பதில்லை. பாதுகாவலர் என்பது இன்றைய பொறுப்பு. அது மாறக்கூடியது, குழந்தை யாரிடம் இருக்கவேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவே அதற்குப் போதுமான ஆதாரமாக இருக்கவேண்டும். இனிஷியலோ குழந்தையின் பெயரின் பகுதி. தந்தை ஆட்சேபித்தால் அதைத் தீர்த்துவைக்கும் இடம் தலைமையாசிரியரின் மேசை அல்ல, நீதிமன்றம்தான்.

அந்தப் பெண்ணின் தீர்ப்பை வாங்கிப் படித்தேன். பரஸ்பர சம்மதத்தில் பெற்ற மணமுறிவு. நகை, பணம், பார்க்க வரும் ஞாயிறுகள் எல்லாம் அதில் உண்டு. பள்ளிப் பதிவேடு பற்றி ஒரு வரி இல்லை. 'பள்ளிப் பதிவுகளில் தாயே பாதுகாவலர். இனிஷியல் மாற்றத்துக்குத் தந்தைக்கு ஆட்சேபம் இல்லை' என்று கூட்டு மனுவிலேயே எழுதி, அது தீர்ப்பிலும் இடம்பெறும்படி பார்த்துக்கொண்டிருந்தால், இன்று பள்ளி கேட்கும் கையெழுத்து அன்றே கிடைத்திருக்கும்.

அவருக்கு இனியும் காலம் இருக்கிறது. பையன் ஆறாம் வகுப்புதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் முடிக்கவேண்டும். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் பின்னர் அரசிதழில் பெயர் மாற்றினாலும் சான்றிதழ் தானாக மாறிவிடாது.

பாதுகாவலர் இடத்தை இன்றே மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கச் சொன்னேன். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கச் சொன்னேன். இனிஷியலை மட்டும் பையனிடம் ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றேன். ஆறு ஆண்டுகளாக அந்தப் பெயரை நோட்டு அட்டையில் எழுதி வந்தவன் அவன்தானே.