வாப்பா கட்டாரில், பிள்ளை கனடாவுக்கு: ஒரு கடிதம் ஏன் தேவை?



உப்புவெளியில் நம்மில் எத்தனையோ வீடுகளில் வாப்பா கட்டாரில், உம்மாவும் பிள்ளைகளும் ஊரில். விடுமுறைக்குக் கனடாவிலுள்ள சாச்சி வீட்டுக்கு உம்மா மகளோடு போகிறார் என்று வையுங்கள். விமான நிலையத்தில் "வாப்பா சம்மதமா?" என்று கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. பெற்ற தாயிடமே இப்படிக் கேட்பதா என்கிறோம்.

ஆனால் அதிகாரியின் கையில் இருப்பதைப் பாருங்கள். மகளின் பெயரோடு இருப்பது வாப்பாவின் பெயர். நம் பெண்கள் நிகாஹ்வுக்குப் பிறகும் தம் வாப்பாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இரண்டு கடவுச்சீட்டையும் பார்த்தால் தாயும் மகளும் என்று தெரியாது. அதைச் சொல்வது பிறப்புச் சான்றிதழ்தான். அது தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கனடா கேட்பது வாப்பா கையெழுத்திட்ட கடிதம், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ. அவருடைய முகவரி, தொலைபேசி எண், கடவுச்சீட்டுப் பிரதி சேர வேண்டும். யாரோடு, எங்கே, எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்றும் எழுதுவது நல்லது. டோஹாவிலுள்ள நம் தூதரகத்தில் உறுதிப்படுத்தினால் சந்தேகம் குறையும். அந்த எண்ணுக்கு அழைத்தால் வாப்பா எடுக்கவும் வேண்டும்.

தலாக் ஆன வீடுகளில் இன்னொரு தவறு நடக்கிறது. காதி தந்த விவாகரத்துச் சான்றிதழ் போதும் என்று நினைக்கிறோம். அது திருமணம் முடிந்ததைச் சொல்கிறது, பிள்ளை யார் பொறுப்பில் என்பதைச் சொல்லாது. அதற்கு மாவட்ட நீதிமன்றக் கட்டளை வேண்டும்.

இந்தக் கேள்வி தாயைச் சந்தேகிப்பதல்ல. நாளை ஒரு வாப்பா உம்மாவுக்குத் தெரியாமல் பிள்ளையைக் கொண்டுபோக முயன்றால், அவரை நிறுத்துவதும் இதே கேள்விதான்.