புரோக்கர் கமிஷன் 2% தானா? நாகர்கோவிலில் சென்ட் விலையையும் பாருங்க!

நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் ஒருவர் மனை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புரோக்கரிடம் அவர் முதலில் பேரம் பேசுவது கமிஷனைத்தான். 2 சதவீதம் கேட்டவரை ஒன்றரைக்கு இறக்கிவிட்டால் ஜெயித்த மாதிரி ஒரு திருப்தி. ஆனால், பெரிய தொகை போவது அங்கே இல்லை.

குமரி மாவட்டத்தில் மனைக்கு விலை பேசுவது சென்ட் கணக்கில். உரிமையாளர் சென்ட் 6 லட்சம் கேட்கிறார். புரோக்கர் வாங்குபவரிடம் "ஆறரைக்கு குறையாது" என்கிறார். 5 சென்ட் என்றால் உரிமையாளருக்கு 30 லட்சம், வாங்குபவர் கொடுப்பது 32.5 லட்சம். நடுவில் நிற்கும் 2.5 லட்சம் புரோக்கருக்கு. அதற்கு மேல் 2 சதவீத கமிஷன், 65 ஆயிரம். அரை சதவீதம் குறைத்து மிச்சம் பிடித்தது வெறும் 16,250 ரூபாய்!

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அட்வான்ஸ் கொடுக்கும் முன் உரிமையாளரை நேரில் பார்த்து, "உங்க கைக்கு எவ்வளவு வருது?" என்று கேட்பதுதான். "ஓனர் வெளிநாட்டுல இருக்கார், எல்லாம் நான் பேசிக்கிறேன்" என்றால் போனிலாவது பேச வேண்டும். அதற்கும் மறுத்தால் சந்தேகப்படலாம். முழு விலையையும் கிரய ஒப்பந்தத்தில் எழுதி, பணத்தை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பினால் நடுவில் விலை ஏற இடமில்லை. tnreginet.gov.in தளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம். ஆனால் சந்தை விலை அதைவிடக் கூடுதலாக இருப்பது சகஜம். அதனால் அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்றவர்களிடமும் விசாரிப்பது நல்லது.

கமிஷனுக்கு அரசு நிர்ணயித்த ரேட் கிடையாது. ரெரா சட்டம்கூட, பதிவு தேவைப்படும் திட்டங்களில் விற்கும் ஏஜென்ட்டைப் பதிவு செய்யச் சொல்கிறதே தவிர, சதவீதத்தைச் சொல்லவில்லை. விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் 1 முதல் 2 சதவீதம் வாங்குவது வழக்கம். தொகை பெரிதானால் குறைத்துப் பேசலாம். இன்னொரு தலைவலி, ஒரே மனைக்கு மூணு நாலு புரோக்கர்கள் சேர்ந்து வருவது. "இது எல்லாருக்கும் சேர்த்துத்தானே?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பத்திரப்பதிவு அன்று சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் புதுமுகங்கள் கை நீட்டுவார்கள்.

வாடகை வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு மாத வாடகை. 12 ஆயிரம் வாடகை என்றால் கமிஷனும் 12 ஆயிரம், ஒரே ஒரு தடவை. 11 மாதம் கழித்து வீட்டுக்காரரோடு நேரடியாக ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மறுபடி கேட்டால் கொடுக்கத் தேவையில்லை, முன்பே அப்படி ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய. ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்டால், ஜிஎஸ்டி எண்ணோடு பில் தரச் சொல்லலாம். பதிவு பெறாதவர் வரி வசூலிக்க முடியாது.