தொகையைக் கேட்பதற்கு முன் கணக்கைப் போடுவோம்



சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் நமக்குள் ஒரு தொகை உலவத் தொடங்குகிறது. மேடையில் ஒருவர் ஒரு தொகையைச் சொல்வார், இன்னொருவர் அதற்கு மேல் சொல்வார், நாம் கை தட்டுவோம். அந்தத் தொகை எந்த வீட்டு அடுப்படியில் கணக்கிட்டு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கம்பனிக்காரர்கள் மட்டும் கேட்பார்கள். அங்கேதான் நாம் வாயடைத்துப் போகிறோம்.

ஆயிரம் ரூபாய்க் கோரிக்கையை நினைத்துப் பாருங்கள். 2015இல் அதை எழுப்பினோம். 2016இல் கிடைத்தது 730 ரூபாய். அதிலும் அடிப்படைச் சம்பளம் 500தான், மிச்சம் கொடுப்பனவுகள். ஆயிரம் ரூபாய் சம்பள நிர்ணய சபையின் மூலம் கைக்கு வந்தது 2021இல். மறு வருடமே விலைவாசி வெடித்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்துக்குள் 69.8 வீதம் கூடியிருந்தது. ஆயிரம் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த எண் வாங்க வேண்டிய அரிசியை மறந்துவிட்டோம். இந்தத் தவறில் தொழிற்சங்கங்களாகிய எங்களுக்கும் பங்குண்டு.

ஆகவே இம்முறை கணக்கைத் தலைகீழாகப் போடுவோம். முதலில் நாம் வாழ வேண்டிய வாழ்க்கை, அதன் பிறகு நாட்சம்பளம்.

ஒரு லயத்து வீட்டை உதாரணமாக எடுப்போம். கணவனும் மனைவியும் தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள். பாடசாலை போகும் இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. அரிசிக்கும் மாவுக்கும் மாதம் 12,000. தேங்காய், பருப்பு, எண்ணெய், சீனிக்கு 8,000. மரக்கறி, வெங்காயம், கருவாட்டுக்கு 11,000. முட்டை, மீன், பால்மாவுக்கு 9,000. சாப்பாடு மட்டும் 40,000. மின்சாரம், எரிபொருள், சவர்க்காரம், போனுக்கு 7,000. பிள்ளைகளின் பஸ், ரியூஷன், கொப்பிக்கு 9,000. மருந்துக்கும் டவுன் வைத்தியசாலைக்குப் போய்வரவும் 4,000. ஆக 60,000.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. “எங்க வீட்டுல அவ்வளவு செலவாகாதே” என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். பால்மாவை நிறுத்தியிருக்கிறோம், மூத்தவளை ரியூஷனிலிருந்து எடுத்துவிட்டோம், பாட்டிக்கு மருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். இல்லாமையால் குறைந்த செலவைத் தேவை என்று எழுதிக் கொடுத்தால் நம் பட்டினிக்கு நாமே கையெழுத்துப் போட்டவர்கள் ஆவோம். இப்போது செலவழிப்பது ஒரு பத்தியிலும் செலவழிக்க வேண்டியது அடுத்த பத்தியிலும் இருக்கட்டும். கோரிக்கை இரண்டாவது பத்தியிலிருந்துதான் எழ வேண்டும்.

அடுத்து, மாதத்தில் கண்ணுக்குத் தெரியாத செலவுகள். தீபாவளித் துணி, பொங்கல், திருவிழா, வருடத் தொடக்கத்தில் சப்பாத்தும் புத்தகப் பையும், கூரைத் தகரம், கலியாண வீடு, சாவு வீடு. வருடத்துக்கு 96,000 என்று வைத்தால் மாதத்துக்கு 8,000. இதை எழுதாததால்தான் முற்பணம் எடுத்து அடகுக் கடைக்கும் போகிறோம். இதை எழுதிவிட்டால் பண்டிகை முற்பணத்தின் தவணையை மறுபடி எழுதக் கூடாது. ஒரே செலவு இரண்டு தடவை ஏறும், கம்பனிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு முழுக் கணக்கையும் பொய் என்பார். கடைசியாக, அவசரத்துக்கு மாதம் 4,000 சேமிப்பு. மொத்தம் 72,000.

இருவர் உழைப்பதால் ஒருவர் கைக்கு 36,000 வர வேண்டும். சந்தா, கோயில், மரண உதவி என்று சிட்டையில் 800 வெட்டுப்படுகிறது என்றால் 36,800. அதற்கு மேல் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு சட்டப்படி குறைந்தது 8 வீதம். அதாவது 100 ரூபாயில் 92தான் மிஞ்சும். 36,800ஐ 92ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் 40,000. ஒருவரின் மொத்தச் சம்பளம் இவ்வளவாக இருக்க வேண்டும்.

இனித்தான் முக்கியமான கேள்வி: இந்த 40,000 எத்தனை நாளில் வரும்?

மாதம் 25 நாள் வேலை என்றால் நாளுக்கு 1,600 போதும். 2025 நவம்பரில் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 1,750ஐக் கம்பனிக்காரர்கள் தாராளம் என்று காட்டுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் வேலை 20 நாள் என்றால் 2,000 வேண்டும். 16 நாள் என்றால் 2,500. வீடு ஒன்றே, அரிசி ஒன்றே. நாட்கள் மட்டும்தான் மாறுகின்றன.

நாட்களை எண்ணும்போது மலைக்குப் போன நாட்களை எண்ணாதீர்கள், விழுந்த பேரை எண்ணுங்கள். 20 நாள் போய் நாலு நாள் கொழுந்து நிறை போதாமல் அரைப்பேர் விழுந்தால் அது 18 பேர்தான். மழை மாதத்தையும் வரட்சி மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல கொழுந்து மாதத்தை மட்டும் காட்டினால் நம் கணக்கு நம்மையே வெட்டும்.

1,750 என்பதும் ஒரே துண்டு அல்ல. கம்பனி தருவது 1,550, மிச்சம் 200 வருகைக்காக அரசாங்கம் தருவது. அடிப்படையில் சேர்ந்த ரூபாய் சேமலாப நிதியிலும் ஏறி, வயதான காலத்தில் நம்மிடம் திரும்பி வரும். ஊக்குவிப்புத் தொகை பொதுவாக அப்படி ஏறுவதில்லை, ஒரு கையெழுத்தில் நின்றும் போகலாம். 2016இல் இருந்த வருகைக் கொடுப்பனவு 2019 ஒப்பந்தத்தில் காணாமல் போனதை மறக்க வேண்டாம்.

ஆகவே ஒற்றைத் தொகையோடு நாம் மேசைக்குப் போகக் கூடாது. “நாளுக்கு 2,000, மாதம் 20 முழுப்பேர் உத்தரவாதம்” என்று சேர்த்துக் கேட்க வேண்டும். “1,750க்கு மேல் முடியாது” என்றால், அப்படியானால் மாதம் 23 முழுப்பேரை எழுத்தில் தாருங்கள் என்போம். நாட்களைக் கட்டாமல் நாட்சம்பளத்தை மட்டும் கூட்டினால், வேலை நாளைக் குறைத்து அதை ஈடுகட்டிக்கொள்ள அவர்களுக்குத் தெரியும்.

“உங்க பிள்ளைங்க கொழும்புல உழைச்சு அனுப்புறாங்கதானே” என்பார்கள். கொழும்புக் கடையில் நிற்கும் பிள்ளையின் சம்பளம் தேயிலைக் கம்பனிக்குக் கொடுக்கும் மானியமா? கணவனை இழந்து தனியாகக் கொழுந்து பறிக்கும் தாயும் நம்மிடையே இருக்கிறாள். அதே வீட்டை அவள் ஒருத்தியே நடத்த வேண்டுமென்றால், 20 நாள் வேலையில் நாளுக்கு ஏறத்தாழ 4,000 வேண்டும். இரண்டு பேர் உழைக்கும் வீட்டை அளவாக வைத்ததே நாம் ஏற்கெனவே விட்டுக்கொடுத்த விட்டுக்கொடுப்பு. அதற்குக் கீழே இறங்க இடமில்லை.

மேலே உள்ள விலைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் தோட்டத்துக் கடை விலையைப் போட்டு உங்கள் வீட்டுக் கணக்கை எழுதுங்கள். கடந்த 12 மாதச் சம்பளச் சிட்டைகளை அதோடு இணைத்துத் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கடையில் அதே சாமான்களின் விலையைத் திரும்ப எழுதுங்கள். ஒப்பந்தம் முடியுமுன் விலை ஏறினால் சம்பளத்தை மீளப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு அந்தக் காகிதம்தான் சாட்சி. அவர்கள் ஒரு கிலோ தேயிலையின் உற்பத்திச் செலவைச் சதம் பிசகாமல் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அந்தத் தேயிலையை உண்டாக்கும் வீட்டின் செலவை நாம் எழுதிக்கொண்டு போவோம்.