அடிப்படைச் சம்பளத்தை எழுதிக் கேளுங்கள்

"கிடைத்த வேலையைப் பற்றிக்கொள், சம்பளம் பேசிக் கெடுத்துக்கொள்ளாதே" என்பது எங்கள் வீடுகளில் பரம்பரையாகச் சொல்லப்பட்டு வரும் புத்திமதி. இப்புத்திமதியால் இலாபம் அடைந்தவர்கள் முதலாளிமார் மட்டுமே என்பதைப் பத்திரிகை அலுவலகங்களில் நீண்டகாலம் கண்டு வந்தவன் நான். வேலை தருவதாக நிறுவனம் எழுதிய பின்னர், நியமனக் கடிதத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னர் உள்ள சில நாட்களே ஊழியரின் சொல்லுக்கு வலு உள்ள காலம். பலரைப் பரிசீலித்து ஒருவரைத் தெரிவுசெய்த நிறுவனம், மரியாதையாக எழுதப்பட்ட ஒரு வேண்டுகோளுக்காக அவ்வேலையை மீண்டும் தொடங்க விரும்பாது.

எனக்குத் தெரிந்த உதவி ஆசிரியர் ஒருவருக்குக் கொழும்பு நிறுவனமொன்று மாதம் 140,000 ரூபா தருவதாக எழுதியது. அதில் அடிப்படைச் சம்பளம் 80,000. எஞ்சிய 60,000 போக்குவரத்து, தொலைபேசி எனப் பல பெயர்களில் வரும் கொடுப்பனவுகள். மொத்தத் தொகையைக் கண்டு அவர் மகிழ்ந்திருந்தார். சூட்சுமம் இருந்ததோ பிரிப்பில்.

இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்வழங்குநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்வழங்குநர் மேலும் 3 வீதம் செலுத்துகிறார். வாழ்க்கைச் செலவுப் படி போன்றவற்றையும் சட்டம் கணக்கில் சேர்க்கிறது. ஆயினும், பல நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே இவற்றைக் கணக்கிடுகின்றன. அடிப்படையைச் சிறிதாக்கிக் கொடுப்பனவுகளைப் பெரிதாக்குவதன் காரணம் இதுவே. இதைத் தாராள மனம் என்று கொண்டாடுவோரை எண்ணி நான் வியப்படைவதுண்டு.

அவர் முதலில் எழுதிய மின்னஞ்சல் வரைவில் வீட்டு வாடகையும் தங்கையின் படிப்புச் செலவும் காரணங்களாக இருந்தன. அவை உண்மையே. ஆனால் அவை அவருடைய தேவையைச் சொல்லினவேயன்றி, அவருடைய வேலையின் பெறுமதியைச் சொல்லவில்லை. தேவையைக் கேட்பவர் இரங்குவார். இரக்கத்துக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை. எனவே அவர் அதை மாற்றி இவ்வாறு எழுதினார்:

"தங்கள் நிறுவனத்தில் இணைய வாய்ப்பளித்தமைக்கு நன்றி. இப்பணியை ஏற்பதற்கு விரும்புகிறேன். கையொப்பமிடுமுன் ஒரு விடயத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர அனுமதிக்கவும். ஆறு ஆண்டுகளாகச் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் செய்திகளைத் தமிழாக்கிப் பக்கம் முடிக்கும் பொறுப்பை வகித்துள்ளேன். ஆகையால் பயிற்சிக் காலமின்றி முதல் வாரத்திலேயே இரவுப் பதிப்பை ஏற்க முடியும். இதனைக் கருத்திற்கொண்டு மொத்தச் சம்பளம் 155,000 ரூபாவாகவும், அதில் அடிப்படை 110,000 ரூபாவாகவும் அமைய முடியுமா? மொத்தத் தொகையில் இடமில்லையெனின், அடிப்படையை உயர்த்துவது பற்றிப் பேசவும் ஆயத்தமாக உள்ளேன்."

இதில் மிரட்டல் இல்லை, இல்லாத வேறொரு வேலையைக் காட்டிப் பொய் சொல்லவும் இல்லை. விருப்பம், காரணம், தொகை, மாற்று வழி என்று ஒரே மின்னஞ்சலில் எல்லாம் அடங்கின. தவணை முறையில் புதிய கோரிக்கைகளை அனுப்பியிருந்தால், நல்லெண்ணம் கரைந்திருக்கும்.

மொத்தம் 145,000, அடிப்படை 110,000 என்று பதில் வந்தது. கேட்டதில் மூன்றிலொரு பங்கே கிடைத்தது என்று சிலர் நகைக்கலாம். கணக்கைப் பாருங்கள். அவருடைய 8 வீதம் கழிந்தபின் கைக்கு வருவது 133,600 ரூபாவிலிருந்து 136,200 ஆகிறது. நிறுவனம் இரு நிதிகளுக்கும் செலுத்தும் தொகை மாதம் 4,500 ரூபாவால் கூடுகிறது. 15 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் 5 ஆண்டுகள் நிறைவு செய்தால், ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. அடிப்படையை வைத்தே அதைக் கணக்கிட்டாலும், இதே சம்பளத்தில் விலகும்போது 75,000 ரூபா அதிகம்.

எல்லா இடத்திலும் இது செல்லாது. அரச சேவையில் சம்பளத் திட்டம் நிர்ணயிக்கப்பட்டது. தனியார் துறையிலும் இறுக்கமான தரவரிசை வைத்திருப்போர் உளர். அங்கே தகுதிகாண் காலம் முடிந்ததும் சம்பளத்தை மீளாய்வு செய்வதாக நியமனக் கடிதத்தில் எழுதித் தரும்படி கேட்கலாம். "பிறகு பார்ப்போம்" என்று தொலைபேசியில் சொல்லப்படுவதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை. திருத்திய கடிதம் கைக்கு வரும்வரை பழைய வேலையிலிருந்து விலகவும் கூடாது.

பணிவாகக் கேட்ட ஒரே காரணத்துக்காக வேலையை மீளப் பெறும் நிறுவனம், உள்ளே சென்றபின் எப்படி நடத்தும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டது. மௌனத்தைப் பண்பு என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் பெரியவர்களே, சேமலாப நிதிக் கூற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்தப் பண்பின் விலை அதில் இலக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.