பனிமூட்டத்தில் சைக்கிள்: நைட் ஷிஃப்ட் காவலாளிக்குத் தேவை தடிமனான ஜாக்கெட் மட்டும்தானா?

டிசம்பர் கடைசியில் டெல்லி பனிமூட்டம் என்றாலே, தாமதமாகும் விமானங்களும் ரயில்களும்தான் செய்தி. அதே இரவில் நொய்டா, குருகிராம் சாலைகளில் நைட் டியூட்டிக்கு சைக்கிள் மிதித்துப் போகும் காவலாளிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களில் பலர் போட்டிருப்பது கறுப்பு அல்லது கருநீல நிறத்தில் ஒரு தடிமனான ஜாக்கெட். குளிருக்கு அது மட்டும் போதாது. பனிமூட்டத்தில் அந்த நிறமே ஆபத்து.

வேர்வைதான் முதல் பிரச்சினை

இரவு 10 மணி டியூட்டிக்கு 8 கிலோமீட்டர் சைக்கிளில் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 6 டிகிரி. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போனால் அரை மணி நேரப் பயணம். எதிர்க்காற்றால் அந்த 6 டிகிரி, உடம்புக்கு 3 டிகிரி போலத்தான் இருக்கும்.

ஆனால் பத்து நிமிடம் மிதித்ததும் உடம்பு சூடாகிவிடும். தடிமனான ஜாக்கெட்டுக்குள் வேர்த்து, பருத்தி பனியன் நனைந்துவிடும். பருத்தி லேசில் காயாது. சைக்கிள் ஓட்டும்வரை இது தெரியாது. கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் ஈர பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். விடியும்வரை நடுங்குவதற்கு வெளியே அடிக்கும் குளிரைவிட உள்ளே இருக்கும் இந்த ஈரமே பெரிய காரணம்.

இதற்குத் தீர்வு மெல்லிய மூன்று அடுக்குகள். உடம்பை ஒட்டி, சீக்கிரம் காயும் பாலியஸ்டர் டி-ஷர்ட். அதன்மேல் ஸ்வெட்டர். வெளியே காற்றைத் தடுக்கும் மெல்லிய விண்ட்சீட்டர். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் வழியில் கட்டாயம் வேர்க்கும். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு மாற்று பனியன் பையில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் அதை மாற்றிக்கொண்டு, தடிமனான ஜாக்கெட்டை அப்போது போட்டுக்கொள்ளலாம். அது உட்காரும் நேரத்துக்கான உடை.

மரத்துப்போன விரல் பிரேக் பிடிக்காது

கையுறை வெறும் சௌகரியம் இல்லை. விரல் மரத்துப்போனால் பிரேக்கை வேகமாக இழுக்க முடியாது. கம்பளிக் கையுறைக்குள் காற்று புகுந்துவிடும். அதன்மேல் காற்றுப் புகாத உறை ஒன்று வேண்டும். கால்களுக்கு, சாக்ஸுக்கும் ஷூவுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டாலே காற்றும் சாலை ஈரமும் உள்ளே வராது.

பனி இறங்கிய சாலையில் சக்கர ரிம்மும் ஈரமாகிவிடும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக், முதல் சில சுற்றுகளில் வழுக்கும். அதனால் திருப்பத்துக்கு முன்பே லேசாக அழுத்தி, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பிறகு நன்றாகப் பிடிக்க வேண்டும்.

50 மீட்டர் கணக்கு

50 மீட்டருக்குக் கீழே பார்வை குறைந்தால், அதை 'மிக அடர்ந்த பனிமூட்டம்' என்கிறது இந்திய வானிலை ஆய்வுத் துறை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் கார், டிரைவர் பார்த்து பிரேக்கை மிதிப்பதற்குள் சுமார் 25 மீட்டர் ஓடிவிடும். ஈரச் சாலையில் நிற்க இன்னும் 25 மீட்டருக்கு மேல் தேவை. அதாவது, 50 மீட்டரில் சைக்கிள் கண்ணில் பட்டாலும் கார் நிற்காது. கறுப்பு ஜாக்கெட் போட்டவர் அந்தத் தூரத்தில்கூட தெரியமாட்டார்.

பளிச் மஞ்சள் நிறச் சட்டை பகலில் உதவும். இரவில் வேலை செய்வது அதிலுள்ள வெள்ளிநிறப் பட்டைதான். அதுவும் ஹெட்லைட் வெளிச்சம் அதன்மேல் பட்டால்தான் மின்னும். பனி அந்த வெளிச்சத்தைப் போகும்போதும் திரும்பும்போதும் சிதறடித்துவிடும். அதனால் தானாக ஒளிவிடும் சிவப்பு பின்விளக்குதான் முதல் தேவை. பட்டையைக் கணுக்காலிலும் கட்ட வேண்டும். மிதிக்கும்போது அது மேலும் கீழும் போவதால், முன்னால் போவது சைக்கிள் என்று டிரைவருக்குச் சட்டெனப் புரியும். முன்விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். நேராக வைத்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

யார் வாங்கித் தர வேண்டும்?

ஒரு பின்விளக்கும் இரண்டு பட்டைகளும், தடிமனான ஜாக்கெட்டைவிட மலிவு. ஆனால் மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சம் பிடிப்பவருக்கு அதுவும் தள்ளிப்போடும் செலவுதான். ஜாக்கெட்டின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் அவர் இல்லை, ஏஜென்சிதான். அதனால் அதே யூனிஃபார்ம் பட்டியலில் பின்விளக்கு, பட்டை, கையுறை மூன்றையும் சேர்க்க வேண்டிய பொறுப்பும் ஏஜென்சிக்கும், அதனுடன் ஒப்பந்தம் போடும் அலுவலகத்துக்கும்தான். 'கேட்டில் டிப்டாப்பாகத் தெரிய வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் எழுத முடிகிறவர்களால், 'ரோட்டில் தெரிய வேண்டும்' என்றும் ஒரு வரி சேர்க்க முடியும்.