"மண் சரிந்தது" என்ற இரண்டு வார்த்தை போதாது



தென்னந்தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களில் சிலாபம் பக்கத்து நம்மவர்கள் மண்வெட்டியோடு குழாய் பதிக்கும் கொந்தராத்து வேலைக்குப் போகிறார்கள். கான் இடிந்து ஒருவர் புதைந்தால் மேற்பார்வையாளர் எழுதுவது "மண் சரிந்தது, தொழிலாளியின் கவனயீனம்" என்ற ஒரே வரிதான். மறுநாள் காலைக்குள் கானும் மூடப்பட்டுவிடும். பிறகு நட்டஈடு கேட்டுப் போகும் விதவையின் கையில் சாட்சி என்று என்ன இருக்கும்?

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 2016 ஒக்டோபர் 21 அன்று நடந்ததைப் பாருங்கள். சுமார் 12 அடி ஆழக் கானில் கழிவுநீர்க் குழாய் வேலை செய்துகொண்டிருந்த இருவர் இறந்தார்கள். கானின் ஓரத்தில் இருந்த தீயணைப்பு நீர்க்குழாய் உடைந்து, கான் நொடிகளில் நிரம்பியது. முதலாளி "எதிர்பாராத விபத்து" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் ஆய்வாளர்கள் கானை அளந்தார்கள். பக்கச்சுவருக்கு முட்டு இல்லை, ஓரத்து நீர்க்குழாய்க்குத் தாங்கல் இல்லை, ஏறி வர ஏணி இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். தொழிலாளருக்குப் பயிற்சி கொடுத்ததாக நிறுவனம் காட்டிய தாள்களில் இருந்த கையொப்பங்கள் பொய்யானவை என்பதும் வெளியே வந்தது. 2019இல் நிறுவன உரிமையாளர் ஆட்கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார். "இல்லை" என்று எழுதி வைத்ததுதான் அவரை மாட்டியது.

நம் பக்கம் அதை எழுத ஆளில்லை. ஆகவே நாமே எழுத வேண்டும்.

முதலில் மண். நம் கடலோர மணல் ஏமாற்றுக்கார மண். ஈரமாக இருக்கும்போது செங்குத்தாக நிற்கும். காலையில் வெட்டிய சுவர் வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் மத்தியானம் பொலபொலவென்று விழும். "காலையில் நல்லாத்தானே நின்றது" என்று கங்காணி சொல்வது உண்மைதான். அந்தச் சொல்லே அவருக்கு எதிரான சாட்சி. களப்புக்குப் பக்கமென்றால் கொஞ்சம் தோண்டியதுமே நீர் ஊறி அடிமணலைக் கரைக்கும். பழைய குழாய்க்காக முன்பே தோண்டி மூடிய மண் இன்னும் மோசம். எனவே கை நிறைய மண் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றதா, விரலிடுக்கில் ஓடியதா? அடியில் நீர் இருந்ததா? எத்தனை மணிக்கு வெட்டியது, எத்தனை மணிக்கு விழுந்தது? வெட்டிப் போட்ட மண் விளிம்பிலிருந்து எத்தனை அடியில் குவிந்திருந்தது? இரண்டடிக்குள் இருந்தால் அந்தக் குவியலின் பாரமும் சுவரைத் தள்ளும்.

ஆழத்தைக் கல் கட்டிய கயிற்றால் அளக்கலாம். மண்குவியலின் உச்சியிலிருந்து அளக்காதீர்கள், பழைய தரைமட்டத்திலிருந்து அளவுங்கள். இடிந்த இடத்தில் அடி தெரியாது, ஆகவே இடியாமல் நிற்கும் பக்கத்துப் பகுதியில், விளிம்புக்கு வெகு தள்ளி நின்று, நீண்ட கம்பின் நுனியில் கயிற்றைத் தொங்கவிடுங்கள். யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

முட்டுப் பலகை இருந்ததா என்பதற்கு வெற்றிடம் விடாதீர்கள். "பலகை இல்லை" என்று முழுதாக எழுதுங்கள். விபத்துக்குப் பிறகு லொறியில் வந்து இறங்கிய பலகை என்றால், வந்த நேரத்தையும் எழுதுங்கள். "முட்டு தேவையில்லை, சரித்து வெட்டினோம்" என்பார்கள். இந்த மணலில் ஆழம் ஒரு அடிக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அடி சரிவு வேண்டும். 6 அடி கான் என்றால் ஒரு பக்கம் மட்டும் 9 அடி. தெருவோரத்தில் அந்த இடம் எங்கே இருக்கிறது? மேலே கான் எத்தனை அடி அகலம் என்று அளந்தாலே பொய் தெரிந்துவிடும்.

நேரம்தான் அதிகம் தொலைவது. பதறிப்போன ஆளிடம் மணி கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார். தொலைபேசி பொய் சொல்லாது. 1990க்கும் 110க்கும் எடுத்த அழைப்பின் நிமிடம் அதில் பதிந்திருக்கும், அழிக்காதீர்கள். அதை ஆதாரமாக வைத்து மற்றவற்றை எழுதுங்கள்: விழுந்த நேரம், உதவி வந்த நேரம், தலை வெளியே தெரிந்த நேரம், நெஞ்சு விடுபட்ட நேரம், வைத்தியசாலைக்குப் புறப்பட்ட நேரம். தலையையும் நெஞ்சையும் ஏன் பிரித்து எழுத வேண்டும்? ஒரு கன மீற்றர் மண் ஏறக்குறைய ஒன்றரை தொன். தலை வெளியே இருந்தாலும் நெஞ்சை மண் அழுத்தினால் மூச்சு இழுக்க முடியாது. "தலை தெரிந்தது, உயிரோடு எடுத்தோம்" என்ற பேச்சில் அந்த நடுநிமிடங்கள் மறைந்துபோகும்.

யார் தோண்டினார், எதனால் தோண்டினார் என்பதும் வேண்டும். 2022இல் மதுரை விளாங்குடியில் பாதாளச் சாக்கடைக் குழியில் புதைந்த தொழிலாளியை இயந்திரத்தால் தோண்டி எடுத்தபோது தலை துண்டானது. ஆள் இருக்கும் இடத்தை நெருங்கியதும் பெக்கோவை நிறுத்தினார்களா, கையாலும் சிறு மண்வெட்டியாலும் எடுத்தார்களா என்று நிமிடத்தோடு எழுதுங்கள்.

கான் மூடப்படுமுன் படம் எடுங்கள். பக்கத்தில் மண்வெட்டிப் பிடியை வைத்து எடுத்தால் அளவு தெரியும். பார்த்த இருவர் கையொப்பமிட்ட தாளின் ஒரு பிரதி அன்று மாலையே சங்கத்துக்கு வர வேண்டும். மேற்பார்வையாளர் எழுதிக் கொண்டுவரும் தாளில், வாசித்துக் காட்டாமல், யாரும் கைநாட்டு வைக்காதீர்கள்.