பார்க்காததையும் எழுதட்டும்

2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, பின்னர் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்த குடும்பங்களுக்கு, அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் தொலைந்தால் படும் பாட்டை நாம் சொல்லத் தேவையில்லை. இப்போது வைத்தியரைத் தொலைபேசியிலேயே கேட்கும் வழக்கம் வந்திருக்கிறது. அப்போது வைத்தியர் எழுதிவைக்கும் குறிப்பில் என்ன இருக்கவேண்டும் என்பது பற்றி நமக்கு ஒரு கருத்துண்டு.

ஓர் உதாரணம் எடுப்போம். வயலில் வேலை செய்த ஒருவருக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், கால் உளைவு. மகனின் கைத்தொலைபேசியில் மனைவி பேசுகிறார். முதலில், பேசுவது யார், நோயாளி யார் என்று இரண்டையும் எழுதவேண்டும். தொலைபேசி இலக்கம் மகனுடையது. அதை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காணமுடியாது. ஒரே பெயரில் ஊருக்கு மூன்று பேர் இருப்பார்கள். ஆகவே தகப்பன் பெயர், வயது, விலாசம், அடையாள அட்டை இலக்கம் வேண்டும். அட்டை இல்லையென்றால் "அட்டை இல்லை, மனைவி சொன்னபடி" என்று எழுதினால் போதும். அதற்காக வைத்தியம் மறுக்கப்படக்கூடாது.

அடுத்தது சம்மதம். இந்தியா 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டி, நோயாளி தானே அழைத்தால் சம்மதம் இருப்பதாகக் கொள்கிறது. சுகாதார ஊழியரோ பராமரிப்பவரோ அழைத்தால் வெளிப்படையாகக் கேட்டுப் பதியச் சொல்கிறது. அது அந்த நாட்டு விதிதான், ஆனாலும் நல்ல அளவுகோல். நம் உதாரணத்தில் அழைத்தவர் மனைவி. நோயாளி சுயநினைவோடு இருந்தால் அவர் வாயாலேயே "சரி" வரவேண்டும். பக்கத்தில் யார் நின்று கேட்கிறார்கள் என்றும் விசாரிக்கவேண்டும்; ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுவது நம்மவர் பழக்கமல்லவா!

நாம் அதிகம் வலியுறுத்துவது மூன்றாவதை. இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்குக் கெண்டைக்கால் தசையை அமுக்கிப் பார்ப்பார்கள், கண் மஞ்சளா என்று பார்ப்பார்கள். வைத்தியரின் கை தொலைபேசிக்குள்ளால் வராது. மஞ்சள் மின்குமிழ் வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் மஞ்சளாகவே தெரியும். மனைவி அமுக்க அவர் முகம் சுளித்தால், "மனைவி அமுக்கினார், நோவு" என்றுதான் எழுதவேண்டும், "பரிசோதித்தேன்" என்றல்ல. காய்ச்சல் வெப்பமானியில் அளந்ததா, நெற்றியில் கைவைத்துச் சொன்னதா? இரத்தம் சோதிக்கவில்லை, டெங்கு இல்லையென்று சொல்லமுடியாது. இவையும் குறிப்பில் வரவேண்டும்.

சில படிவங்களில் இதற்கு இடமே இருப்பதில்லை. வெற்றிடம் "கோளாறில்லை" என்று வாசிக்கப்படுகிறது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திராமல் 1990க்கு அழைக்கவேண்டும் என்ற வரியும், எந்த நேரத்தில் அது சொல்லப்பட்டது என்பதும் அதில் இருக்கட்டும்.

குறிப்பின் பிரதி குடும்பத்திடம் வரவேண்டும் என்று கேளுங்கள். மூதூர் வைத்தியசாலைக்கு அவரைக் கொண்டுபோகும்போது, அங்குள்ள வைத்தியர் எதைத் தன் கையால் பார்க்கவேண்டும் என்பதை அந்தத் தாளிலிருந்தே அறிந்துகொள்வார்.